கூட்டல் வரிசையை மாற்றுவது காரணம் ஆகாது

சென்ற பருவத்தில் சமிக்ஞைச் செயலாக்கத் தாள் ஒன்றைத் திருத்தும் பணி எனக்கு வந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. x = [1, 2, 3], h = [1, 1] ஆகிய இரண்டின் கன்வல்யூஷனை அதிர்வெண் வழியாகக் காண்க என்பது வினா. விடைக்குறிப்பில் [4, 3, 5] என்று இருந்தது. சரியான விடை [1, 3, 5, 3]. அதை எழுதிய மாணவர்கள் மதிப்பெண்ணை இழந்தார்கள். குறிப்பைத் தயாரித்தவரிடம் சுட்டிக்காட்டியபோது, "கணினியில் சரிபார்த்ததுதான், அதிர்வெண் வழியில் போனால் சிறு வேறுபாடு வரத்தான் செய்யும்" என்றார். 1 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருப்பது எந்த ஊர்க் கணக்கில் சிறு வேறுபாடு?

அவர் திறமையற்றவர் அல்லர். நாம் எல்லோரும் கற்ற முறையில்தான் அவரும் கற்றிருக்கிறார். நேரத்தில் கன்வல்யூஷன், அதிர்வெண்ணில் பெருக்கல்: இது பண்புகள் அட்டவணையில் ஒரு வரி. அதன்கீழே ஐந்து வரியில் ஒரு நிறுவல். இரண்டு கூட்டல்குறிகளை எழுதி, அவற்றின் வரிசையை மாற்றி, m = n − k என்று பிரதியிட்டால் பெருக்கல் வந்துவிடுகிறது. கரும்பலகை துடைக்கப்படுகிறது. வரிசையை மாற்றியதால்தான் பெருக்கல் பிறந்தது என்ற எண்ணத்தோடு வகுப்பு கலைகிறது. அந்த எண்ணம் பிழையானது என்பதே என் வாதம்.

முதலில் கன்வல்யூஷன் செய்வது என்ன என்று பார்ப்போம். மேற்கண்ட h சொல்வது இவ்வளவுதான்: இப்போது வந்த மதிப்போடு ஒரு படி முன்பு வந்ததைக் கூட்டு. ஆகவே x-ஐ உள்ளபடி ஒருமுறையும் ஒரு படி தள்ளி ஒருமுறையும் எழுதிக் கூட்டினால் போதும்.

```
1  2  3  0
0  1  2  3
----------
1  3  5  3
```

இந்தக் காட்சி நமக்குப் புதிதன்று. தொடக்கப்பள்ளியில் 321-ஐ 11-ஆல் பெருக்கியபோது செய்தது இதுவே. ஒன்றாம் இலக்கத்திலிருந்து படித்தால் 321 என்பது 1, 2, 3. பெருக்குத்தொகை 3531, அதையும் அவ்வாறே படித்தால் 1, 3, 5, 3. எந்த இலக்கமும் 9-ஐத் தாண்டாததால் இங்கே மீதி ஏற்றும் தொல்லையும் இல்லை. சரியாகச் சொன்னால், இது x(z) = 1 + 2z + 3z² என்ற பல்லுறுப்புக்கோவையையும் h(z) = 1 + z என்பதையும் பெருக்கிக் கெழுக்களைப் படிப்பதுதான். பள்ளிப் பெருக்கலில் z-க்கு 10 என்று மதிப்பிட்டோம்.

வேறு எண்ணை இட்டால் என்ன? z = 2 என்று வைப்போம். x-இன் மதிப்பு 1 + 4 + 12 = 17. h-இன் மதிப்பு 3. விடைக்கோவையின் மதிப்பு 1 + 6 + 20 + 24 = 51. அதுவே 17 × 3. இங்கே அலை இல்லை, கலப்பெண் இல்லை, ஃபூரியே இல்லை. ஆயினும் கன்வல்யூஷன் பெருக்கலாகிவிட்டது. தேற்றத்தின் உயிர் அதிர்வெண்ணில் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் உயிர் எங்கே? x-இல் k-ஆம் இடத்து உறுப்பும் h-இல் m-ஆம் இடத்து உறுப்பும் சேர்ந்து k + m-ஆம் இடத்துக்குப் போவதே கன்வல்யூஷன். அந்த இடத்துக்கு நாம் தரும் எடை zᵏ⁺ᵐ. அது zᵏ × zᵐ என்று பிரிகிறது. அவ்வளவே. கூடிய தாமதம், எடைகளின் பெருக்கலாகிறது. கரும்பலகை நிறுவலிலும் இந்தப் பிரிப்பு இருக்கிறது. ஆனால் பிரதியீட்டுக்கும் வரிசை மாற்றத்துக்கும் நடுவே, எவரும் கவனிக்காத ஓர் அரை வரியாக.

வரிசை மாற்றமே காரணம் என்று இன்னமும் நம்புவோர் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். எடையாக zⁿ-க்குப் பதில் n² என்று வைக்கவும். கூட்டல்கள் முடிவுள்ளவை, ஆகவே வரிசையை மாற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. x-க்கு 0 + 2·1 + 3·4 = 14. h-க்கு 0 + 1 = 1. பெருக்கினால் 14. விடை வரிசைக்கோ 0 + 3·1 + 5·4 + 3·9 = 50. வரிசை மாற்றம் அப்படியே நின்றது, தேற்றம் விழுந்தது. (k + m)² என்பது k² × m² ஆகாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. முடிவிலாத் தொகைகளில் வரிசையை மாற்றலாமா என்பது உண்மையில் கவலைக்குரிய கேள்விதான். ஆனால் அது தேற்றம் எங்கே செல்லும் என்பதற்கான கேள்வி, ஏன் பிறந்தது என்பதற்கானது அன்று.

இனி அதிர்வெண்ணுக்கு வருவோம். எந்த z-உம் போதுமென்றால் அலகு வட்டத்தைத் தேடிப் போவானேன்? விடையில் நான்கு கெழுக்கள் உள்ளன. அவற்றை மீட்க நான்கு இடங்களிலேனும் மதிப்பு வேண்டும். 2, 3, 5, 7 என்று வைத்தாலும் மீட்கலாம். நான்கு சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டியிருக்கும். 1, −i, −1, i என்று வைத்தால் சமன்பாடு தீர்க்கும் வேலை வெறும் சராசரி எடுப்பதாகச் சுருங்கிவிடுகிறது. நான்கு புள்ளி ஃபூரியே உருமாற்றம் என்பது இந்த நான்கு எண்களை z-இன் இடத்தில் இடுவதற்கு நாம் வைத்திருக்கும் பெரிய பெயர்.

செய்து பார்ப்போம். x-இன் மதிப்புகள் முறையே 6, −2 − 2i, 2, −2 + 2i. h-இன் மதிப்புகள் 2, 1 − i, 0, 1 + i. இடத்துக்கு இடம் பெருக்கினால் 12, −4, 0, −4. இரண்டாவதை மட்டும் விரித்துக் காட்டுகிறேன்: (−2 − 2i)(1 − i) = −2(1 + i)(1 − i) = −2 × 2 = −4.

மீட்பது எளிது. நான்கின் சராசரி (12 − 4 + 0 − 4)/4 = 1; இது முதல் உறுப்பு. மூன்றாம் உறுப்புக்கு ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறியை மாற்றிச் சராசரி எடுத்தால் (12 + 4 + 0 + 4)/4 = 5. இரண்டாம், நான்காம் உறுப்புகளுக்கு இரண்டு −4-களும் i-இன் எதிரெதிர்க் குறிகளோடு வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, 12/4 = 3 மட்டும் எஞ்சுகிறது. ஆக 1, 3, 5, 3.

இந்தப் பட்டியலில் நடுவே நிற்கும் அந்த 0-ஐ மாணவர்கள் கடந்துபோக விடக்கூடாது. −1 என்ற இடத்துக்குரிய அலை 1, −1, 1, −1 என்று ஓடுவது. இப்போதையதோடு முந்தையதைக் கூட்டும் அமைப்புக்குள் அது நுழைந்தால் எப்போதும் 0 வரும். அலையை ஒரு படி தாமதப்படுத்துவது அதை −1-ஆல் பெருக்குவதற்குச் சமம்; ஆகவே அமைப்பு அதற்குச் செய்வது 1 + (−1) என்ற ஒரே பெருக்கல். ஒவ்வோர் அலைக்கும் தாமதம் என்பது ஓர் எண்ணால் பெருக்குவதே. கன்வல்யூஷன் என்பதோ தாமதித்த படிகளின் கூட்டல். அதிர்வெண்ணில் எல்லாம் பெருக்கலாவது இதனால்தான்.

இப்போது விடைக்குறிப்புக்குத் திரும்பலாம். x-க்கு மூன்று உறுப்பு, h-க்கு இரண்டு. நம்பை நிரலில் இரண்டின் உருமாற்றத்தையும் அப்படியே பெருக்கப் போனால் நீளம் பொருந்தவில்லை என்று பிழைச்செய்தி வரும். உடனே h-க்கு ஒரு சுழியம் சேர்த்து மூன்றாக்கிவிடுவது இயல்பான கைப்பழக்கம். பிழைச்செய்தி மறைகிறது, பிழை தங்கிவிடுகிறது.

```python
import numpy as np
x, h = [1, 2, 3], [1, 1]
for N in (3, 4):
    Y = np.fft.fft(x, N) * np.fft.fft(h, N)
    print(np.fft.ifft(Y).real.round(6))
```

N = 3 எனில் 4, 3, 5; N = 4 எனில் 1, 3, 5, 3. காரணத்தைப் பிடித்தவருக்கு இதில் மர்மம் இல்லை. மூன்று புள்ளி உருமாற்றம் z³ = 1 ஆகும் எண்களை மட்டுமே இடுகிறது. அந்த எண்களுக்கு 1 + 3z + 5z² + 3z³ என்பதும் 4 + 3z + 5z² என்பதும் ஒன்றே. கடைசி 3 சுற்றிவந்து முதல் இடத்தில் ஏறிக்கொண்டது. பெருக்கலில் எந்தக் குறையும் இல்லை. அது தந்தது வட்டக் கன்வல்யூஷன், வினா கேட்டதோ நேரியல் கன்வல்யூஷன். நீளங்களைக் கூட்டி ஒன்று குறைத்தால் வரும் 3 + 2 − 1 = 4 என்பதே குறைந்தபட்சப் புள்ளிகளின் எண்ணிக்கை.

இன்னொன்று. மொத்தக் கூட்டுத்தொகையை வைத்துச் சரிபார்ப்பவர்களை இந்தப் பிழை ஏமாற்றிவிடும்: 4 + 3 + 5-உம் 12, 1 + 3 + 5 + 3-உம் 12. z = 1 என்பது இரண்டு உருமாற்றங்களுக்கும் பொதுவான புள்ளி என்பதால் அப்படித்தான் ஆகும். பார்க்க வேண்டியது முதல் உறுப்பை. அது எப்போதும் x-இன் முதல் உறுப்பையும் h-இன் முதல் உறுப்பையும் பெருக்கியதாக மட்டுமே இருக்க முடியும். இங்கே 1 × 1. 4 என்று கண்டவுடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அதிர்வெண் வழி வேகமானது, அதற்காகத்தான் தேற்றம்" என்று ஒரு பதில் வழக்கமாக வரும். இந்த எடுத்துக்காட்டில் நேர்வழிக்கு ஆறு பெருக்கல்கள் போதும். சுற்றுவழிக்குக் கலப்பெண்கள் வேறு வேண்டும். வேகம் நீண்ட வரிசைகளில்தான் கிட்டுகிறது. அதுவும் 1965-இல் கூலி, டூக்கி இருவரும் வெளியிட்ட வகை விரைவு வழிமுறை கையில் இருப்பதால். தேற்றத்தின் பயனைத் தேற்றத்தின் காரணமாகச் சொல்வது, ஆற்றைக் கடக்க வேண்டியிருந்ததால் மரம் மிதக்கிறது என்பதைப் போன்றது.

காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் எல்லையும் தானே தெரியும். ஒலிக்கட்டுப்பாட்டை ஒருவர் படிக்கொருமுறை திறந்து மூடுகிறார் என்று கொள்வோம்: பெருக்கம் 1, 0, 1, 0. உள்ளே 1, 1, 1, 1 என்ற அசையாத வரிசை போனால் வெளியே 1, 0, 1, 0 வரும். அது பாதி 1, 1, 1, 1-உம் பாதி 1, −1, 1, −1-உம் சேர்ந்த கலவை. உள்ளே இல்லாத அதிர்வெண் வெளியே முளைத்துவிட்டது. இது நேரியல் அமைப்புதான். ஆனால் நேரம் மாற மாற அமைப்பும் மாறுகிறது. தாமதித்த படிகளின் கூட்டலாக இதை எழுத முடியாது. ஆகவே அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் பெருக்கும் உரிமையும் இங்கே இல்லை.

அடுத்த தாளில் "தேற்றத்தை நிறுவுக" என்பதை நீக்கிவிட்டு, "z-க்கு 2 இட்டாலும் பெருக்கல் வருகிறது, n² இட்டால் வருவதில்லை; ஏன்?" என்று கேட்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளது என்று திருப்பி அனுப்பினார்கள். [1, 3, 5, 3] எழுதியவர்களின் மறுமதிப்பீட்டு மனுக்கள் இன்னும் நிலுவையில் உள்ளன.