முடிவுரையில் புது ஆள் வேண்டாம்

எங்கட பீடத்தில் கன ஆய்வுகளின் முடிவுரை, இரண்டாம் அத்தியாயத்தின் சுருக்கமாகவே முடியுது. அது முடிவுரை இல்லை என்பதுதான் எங்கட கருத்து.

உரும்பிராய்க் கிணறுகளில் நைத்திரேற்று பற்றி எழுதுகிறோம் என்று வையுங்கோ. இலக்கிய மீளாய்வில் இரண்டு தரப்பு இருக்கும். செம்மண் தோட்டங்களுக்குப் போடும் உரம் சுண்ணக்கல்லுக்குள் இறங்குது என்பது ஒன்று. மலசலகூடக் குழிதான் காரணம் என்பது மற்றது. முடிவுரையில் இரண்டையும் திரும்ப வரிசைப்படுத்தினால், உரமா குழியா என்று கேட்கிற ஊருக்குப் பதில் கிடைக்காது.

"நாங்கள் பார்த்த வளவுகளில் குழியும் வெங்காயத் தோட்டமும் ஒரே கிணற்றுக்குக் கிட்ட இருந்தன. ஆகவே இங்கே ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது" என்று எழுதிப் பாருங்கோ. இரு தரப்பும் உள்ளே இருக்கு. ஆனால் பேசுவது எங்கட தரவு.

கடைசி நேரத்தில் நல்ல கட்டுரை ஒன்று கிடைச்சால்? முடிவுரையில் செருகாமல், கலந்துரையாடல் அத்தியாயத்தில் தரவோடு சேர்த்துப் பேச வேணும். அங்கே அதுக்கு வேலை இல்லையென்றால் முடிவுரையிலும் இல்லை.

ஒவ்வொரு வசனத்தையும் இப்படிக் கேளுங்கோ: களத்துக்குப் போக முதலே இதை எழுதியிருக்கலாமா? ஓமெண்டால் வெட்டுங்கோ.