‘நான்தான் அதிகமா நேசிக்கிறேனா?’ - ஒரு பேப்பரில் சோதித்துப் பார்க்கலாம்!

“நான் போன் பண்ணலைன்னா, நீங்களா ஒரு நாளாவது பண்ணுதியளா?” கூடங்குளத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகும் கணவரிடம் மனைவி இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். “நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, தூங்காம உங்க அம்மாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?” என்கிறார் அவர்.

‘நான்தான் அதிகம்’ என்று இருவருமே நம்புகிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஏன் இப்படி?

நாம் செய்தது எல்லாம் நமக்குத் தெரியும். போன் செய்ய நினைத்துத் தயங்கியதுகூட நினைவிருக்கும். துணை செய்ததில் கண்ணில் பட்டது மட்டுமே தெரியும்.

கனடாவில் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், 37 தம்பதிகளிடம் 20 விஷயங்களில் ‘உங்கள் பங்கு எவ்வளவு?’ என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான தம்பதிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழு அளவையே தாண்டியது! சண்டைக்குக் காரணமாவது போன்ற கெட்ட விஷயங்களிலும் தங்கள் பங்கைக் கூட்டியே சொன்னார்கள். ஆக, இது வெறும் தற்பெருமை அல்ல. நினைவு செய்யும் வேலை.

எப்படிச் சோதிப்பது?

மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் போன் செய்வது, சண்டைக்குப் பின் முதலில் சமாதானம் பேசுவது, மற்றவரின் வீட்டாரைக் கவனிப்பது. ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு 100-க்கு எவ்வளவு என்று இருவரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதி, பிறகு கூட்டுங்கள்.

நம் தம்பதியில் போன் செய்வதில் மனைவி 80, கணவர் 20 என்று எழுதினால், மொத்தம் 100. இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள், அந்தக் குறை நிஜம். சமாதானத்தில் மனைவி 75, கணவர் 60 என்றால், மொத்தம் 135. யாரோ ஒருவரோ, இருவருமோ கூட்டிச் சொல்கிறார்கள்.

யார் என்று இந்தக் கணக்கு சொல்லாது. அதற்கு ஒரு வாரம், தான் செய்ததை விட்டுவிட்டு, துணை செய்ததை மட்டும் இருவரும் போனில் குறித்து வையுங்கள். ஞாயிறு அன்று மாற்றிப் படியுங்கள். எதிர்பார்த்ததைவிடப் பட்டியல் நீண்டால், இதுவரை கவனிக்காமல் விட்டது எவ்வளவு என்று புரியும். ஒரு பட்டியல் காலியாகவே இருந்தால், அதையும் பேச வேண்டும்.

ஒன்று கவனம். இது செயல்களை எண்ணும் கணக்கு. மனதிலிருக்கும் அன்பை அளக்காது. ‘பேசாமல் இருந்தால் அவர் கூப்பிடுகிறாரா, பார்ப்போம்’ என்று காத்திருப்பதும் சோதனை ஆகாது. நைட் ஷிப்டில் போனை எடுக்க முடியாதவரின் மௌனமும், அக்கறையில்லாதவரின் மௌனமும் வெளியிலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். துணைக்குப் பயந்து உண்மையை எழுத முடியாத வீட்டில் இந்தக் கணக்கே வேண்டாம்; அங்கே பிரச்னை வேறு. பெண்கள் 181 உதவி எண்ணை அழைக்கலாம்.

80-க்கு 20 என்று தெரிந்த பிறகு, “உங்களுக்கு என் மேல பாசமே இல்ல” என்ற பழிக்கு அவசியமில்லை. “ஷிப்ட் முடிஞ்சு வெளியே வந்ததும் நீங்க ஒரு போன் பண்ணுங்க” என்று கேட்டாலே போதும். அடுத்த வாரமே பதில் தெரிந்துவிடும்.