தமிழ்ப் பெயரைக் குறை சொல்லாதீர்கள், மதிப்பெண்ணைப் பெயரோடு கட்டுங்கள்



நம் பிள்ளைகளில் பல பேர் இன்று ஆசிரியர்கள். அவர்களில் சிலர் என்னிடம் சொல்லும் குறை ஒன்றுதான்: "சார், பெயரைத் தமிழில் அடித்தால் எக்செல் ஒழுங்காக அடுக்க மாட்டேங்குது, மார்க்கும் மாறிப் போகுது. பேசாம இங்கிலீஷ்லயே லிஸ்ட் வச்சுக்கலாம்னு இருக்கோம்."

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதில் இரண்டு கோளாறுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அகர வரிசை பிசகுவது ஒன்று. மதிப்பெண் வேறு பிள்ளைக்குப் போய்ச் சேருவது இன்னொன்று. இரண்டாவதற்கும் தமிழுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலப் பட்டியலிலும் அது அப்படியே நடக்கும்.

ஐந்து பிள்ளைகளை வைத்துப் பாருங்கள். பதிந்த வரிசையில் முத்து 91, ஜெனிபர் 34, அந்தோணி 62, கண்ணன் 47, சகாயம் 75. ஒருவர் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து Sort அழுத்துகிறார். எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டும். அதில் Expand the selection என்றால் பக்கத்துப் பத்திகளும் சேர்ந்து நகரும். Continue with the current selection என்றால் பெயர் மட்டும் நகரும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டுவிட்டால் பட்டியல் இப்படி ஆகிவிடும்: அந்தோணி 91, கண்ணன் 34, சகாயம் 62, முத்து 47, ஜெனிபர் 75.

தேர்ச்சி 35 என்று வையுங்கள். 47 வாங்கிய கண்ணன் தோற்றான். 34 வாங்கிய ஜெனிபர் 75 பெற்றுவிட்டாள். இனி கூட்டிப் பாருங்கள். முன்பு மொத்தம் 309, இப்போதும் 309. சராசரி 61.8, அதுவும் அதேதான். தோற்றவர் ஒருவர் என்பதும் மாறவில்லை. தலைமையாசிரியர் மேசையில் வழக்கமாகச் சரிபார்க்கும் மொத்தம், சராசரி, தேர்ச்சி விகிதம் எதுவுமே இதைக் காட்டிக்கொடுக்காது. தாள் பளிச்சென்று இருக்கும். கண்ணன் வீட்டில் மட்டும் அடி விழும். அதனால்தான் இதைச் சின்ன விஷயமாக என்னால் விட முடியவில்லை.

எச்சரிக்கையே வராத இடமும் உண்டு. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவில் ஒரு காலிப் பத்தி விடுவார்கள். எக்செல்லுக்கு அந்தக் காலிப் பத்தி ஒரு வேலி. அதற்கு இந்தப் பக்கம் இருப்பதை மட்டும் அடுக்கிவிட்டுச் சும்மா இருக்கும். ஆகையால் முதல் காரியமாகக் காலிப் பத்தியை நீக்குங்கள்.

சரி, அகர வரிசைக்கு வருவோம். பழைய கோப்பு பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் அது கணினிக்குத் தமிழே அல்ல. அங்கே 'அ' என்பது m, 'க' என்பது f, 'மு' என்பது K, 'ச' என்பது r. அடுக்கினால் கண்ணன், முத்து, அந்தோணி, சகாயம் என்று வரும். ஆங்கில எழுத்து வரிசைப்படி அது சரியாகவே அடுக்கியிருக்கிறது! ஐயம் இருந்தால் ஒரு காலிக் கட்டத்தில் இதை அடியுங்கள்:

```
=UNICODE(B2)
```

பெயர் 'அ'வில் தொடங்கி, விடை 2949 என்று வந்தால் யுனிகோடு. 109 என்று வந்தால் பாமினி. முதலில் மாற்றி எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போதே யுனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் பாமினியில் பட்டியல் வைத்துக்கொண்டு தமிழைத் திட்டுவது என்ன நியாயம்?

யுனிகோடிலும் ஒரு நெருடல் இருக்கிறது, மறைக்கவில்லை. எழுத்துகளின் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலிகளில் 'ஜ' சகரத்தை அடுத்து வந்து நிற்கும். 'ன' பகரத்துக்கு முன்பே வந்துவிடும். புள்ளி எல்லாவற்றுக்கும் கடைசியில் போகும். அதனால் முருகனுக்கு முன் முனியசாமி வருவான். முதல்வனுக்குப் பின்னால் முத்து போவான். நாம் படித்த முறையில் இரண்டுமே தலைகீழ். லிப்ரே ஆபிஸில் Sort பெட்டியில் Options பக்கத்தில் மொழியாகத் தமிழைத் தேர்ந்தால் நம் மரபு வரிசை கிடைக்கும். காசு கொடுக்க வேண்டாம், இலவச மென்பொருள்தான்.

உண்மையான ஆபத்து இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. வரிசை பிசகியிருக்கிறதே என்று ஆசிரியர் பெயர்களை மட்டும் வெட்டி, மேலேயும் கீழேயும் கையால் ஒட்டுகிறார். மதிப்பெண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு தமிழால்தான் மார்க் மாறியது என்கிறார்! பெயரைக் கையால் நகர்த்தவே கூடாது. 'வரிசை' என்று ஒரு பத்தி சேர்த்து, எந்தப் பெயர் எத்தனையாவது என்று 1, 2, 3 போடுங்கள். பிறகு முழு அட்டவணையையும் அந்தப் பத்தியை வைத்து அடுக்குங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அடுத்து அடையாளம். பெயரை அடையாளமாக நம்ப முடியாது. நம் காரங்காட்டில் ஒரு வகுப்பில் இரண்டு அந்தோணி இருப்பது அதிசயமா? கரையில் படகு எங்கே நின்றாலும் பதிவு எண் படகோடேயே இருக்கிறது. அதுபோல ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்க்கை எண் முதல் பத்தியில் இருக்கட்டும். 'வரிசை எண் 1, 2, 3' இதற்கு உதவாது. அது பிள்ளையின் எண் இல்லை, இடத்தின் எண். எமிஸ் எண்ணை வைப்பதானால், அது 16 இலக்கமாக இருந்தால், அந்தப் பத்தியை முதலில் Text என்று மாற்றிவிட்டு அடியுங்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் காப்பாற்றும். கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும்.

இப்போது முத்திரை. A பத்தியில் சேர்க்கை எண், B பெயர், C தமிழ், D கணக்கு என்று வையுங்கள். விடைத்தாளோடு ஒப்பிட்டு முடித்ததும், அடுக்குவதற்கு முன்பே, E2-இல் இதை எழுதிக் கடைசி வரை இழுங்கள்:

```
=A2&"|"&B2&"|"&C2&"|"&D2
```

பிறகு E பத்தி முழுவதையும் நகலெடுத்து, அதே இடத்தில் Paste Special, Values என்று ஒட்டுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் முத்திரைக்கு அர்த்தமே இல்லை. சூத்திரமாகவே இருந்தால், தவறாக நகர்ந்த பெயரையும் அப்படியே புதிதாக எழுதிக்கொண்டு 'சரி' என்றுதான் சொல்லும். மதிப்பாக ஒட்டினால்தான் அது பழையதை நினைவில் வைத்திருக்கும்.

இப்போது E பத்தியையும் சேர்த்து முழு அட்டவணையை அடுக்குங்கள். முடிந்ததும் F2-இல்:

```
=(A2&"|"&B2&"|"&C2&"|"&D2)=E2
```

எல்லா வரியிலும் TRUE வந்தால் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் அந்தப் பிள்ளையிடமே இருக்கிறது. மேலே சொன்ன ஐந்து பேர் கதையில், மொத்தமும் சராசரியும் வாயைத் திறக்காத இடத்தில், இங்கே ஐந்து வரியிலும் FALSE வந்திருக்கும். முதலில் பதியும்போதே கண்ணனுக்கு 47க்குப் பதில் 74 அடித்திருந்தால் அதை இந்த முத்திரை கண்டுபிடிக்காது. அதற்கு விடைத்தாளைப் பக்கத்தில் வைத்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு FALSE வந்தாலும் கையால் சரிசெய்யப் போகாதீர்கள். Ctrl+Z அழுத்துங்கள். முடியாவிட்டால் சேமிக்காமல் மூடிவிட்டு, முத்திரை போட்ட கோப்பை மறுபடி திறந்து, முதலிலிருந்து அடுக்குங்கள்.