அரை மதிப்பெண்ணும் அளந்த எண்ணும்

பர்கூரில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78 மீ/வி². நிலநடுக்கோட்டிலிருந்து நாம் அதிகம் தள்ளி இல்லை. கடல்மட்டத்துக்குச் சற்று மேலேயும் இருக்கிறோம். ஆனால் மேல்நிலை மாணவரின் ரெக்கார்டு நோட்டில் வழக்கமாகக் காண்பது பாடநூலின் 9.8 அல்லது 9.81. வித்தியாசம் சிறியதுதான். ஒரு மீட்டர் ஊசலின் 20 அலைவுகளைக் கையால் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தி அளந்தால் 40.2 விநாடி வரும். அதில் கை 0.2 விநாடி முன்பின் தவறினாலே g-யில் 0.1 வரை மாறிவிடும். அப்படியென்றால் ஒரு வகுப்பின் விடைகள் 9.7-க்கும் 9.9-க்கும் இடையே சிதறிக் கிடக்க வேண்டும். எல்லாரும் 9.81-இல் வந்து நின்றால், அங்கே அளந்தது ஊசலை அல்ல.

மாணவரை மட்டும் குறை சொல்ல நாம் தயாராக இல்லை. மேல்நிலை இயற்பியல் செய்முறை நூலில் உள்ள பகிர்வின்படி, புறத்தேர்வின் 15 மதிப்பெண்ணில் சூத்திரத்துக்கு 2, செய்முறைக்கு 3, காட்சிப்பதிவுகளுக்கு 5, வரைபடம் உள்ளிட்ட கணக்கீட்டுக்கு 4, முடிவுக்கு 1. அந்த ஒன்றிலும் சரியான மதிப்புக்கு அரை, அலகுக்கு அரை. காகிதத்தில் பார்த்தால் விடைக்கு அரை மதிப்பெண்தான். ஆனால் எதிர்பார்த்தது என்ன, அளந்தது ஏன் விலகியது, அந்த விலகல் எவ்வளவு பெரியது என்று எழுதுவதற்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது. மதிப்பெண் இல்லாத விளக்கத்தை யார் எழுதுவார்? பதிவுகள் நம்பத்தக்கவை என்று காட்ட மாணவரிடம் மிஞ்சுவது 'சரியான' விடை ஒன்றுதான். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்புகிறார்கள்.

இதனால் இழப்பது எது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஊசல் குண்டு கையை விட்டுப் புறப்படும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குவது மிகச் சாதாரணமான பிழை. அப்போது 'இருபது' என்று சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுகள். நேரம் 38.2 விநாடி, g கிட்டத்தட்ட 10.8. இன்றைய முறையில் அந்த எண்ணை மாணவர் அழித்துவிடுகிறார். அழிக்காமல், பத்து சதவீத விலகல் கைத்தவறுக்கு மிக அதிகம் என்று கண்டு, எண்ணிய விதத்தைச் சந்தேகித்து, மறுபடி அளந்து, இரண்டு பதிவுகளையும் எழுதி வைத்த மாணவருக்குத்தான் முழு மதிப்பெண் போக வேண்டும். நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்தவர் கதையும் இதுதான். பல நீளங்களுக்கு அலைவு நேரத்தின் இருமடியை வரைபடமாக்கினால் கோடு ஆதியைத் தொடாமல் சற்று மேலே வெட்டும். சாய்வு மட்டும் சரியாகவே இருக்கும். அந்த இடைவெளியே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். வரைபடத்தைப் பார்த்தோம் என்று மட்டும் மதிப்பெண் போடும் தேர்வில் இதை யாரும் கேட்பதில்லை.

எனவே 15 மதிப்பெண்ணைக் கருதுகோளுக்கு 3, செய்முறைக்கு 3, தரவைக் கையாள்வதற்கு 6, முடிவுக்கு 3 என்று மாற்ற வேண்டும் என்கிறோம். மாறிலியை அளக்கும் சோதனையில் கருதுகோளுக்கு என்ன வேலை என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் கேள்வியையே சற்றுத் திருப்ப வேண்டும்: 'வீச்சைக் கூட்டினால் அலைவு நேரம் மாறுமா?' மாறாது என்று எழுதுவதற்கு 1. ஏன் என்று காரணம் சொன்னால் 2. எவ்வளவு வித்தியாசம் வந்தால் தன் கருத்தைக் கைவிடுவேன் என்று முன்கூட்டியே எழுதினால் 3. 40 பாகையில் ஊசலை விட்டால் 20 அலைவுக்கு ஏறத்தாழ 41.4 விநாடி ஆகும். 1.2 விநாடி கூடுதலைக் கைத்தவறின் தலையில் கட்ட முடியாது. 'என் கருதுகோள் தவறு. சிறிய கோணங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்' என்று எழுதுபவருக்கு முடிவின் மூன்றும் கிடைக்க வேண்டும். கருதுகோள் பொய்த்தது என்பதற்காக எங்கும் ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது.

இது தேர்வாளரின் மனப்போக்குக்கு இடம் கொடுத்துவிடும் என்ற அச்சமும் உண்டு. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை மேலே சொன்னதுபோல் வரையறுத்தால் அந்த அச்சம் பெரும்பாலும் தீரும். சர்வதேசப் பட்டயப் படிப்பான ஐபி, அறிவியல் ஆய்வறிக்கையை வடிவமைப்பு, தரவுப் பகுப்பாய்வு, முடிவு, மதிப்பீடு என்று தலைக்கு 6 மதிப்பெண்ணாகப் பிரித்து, நிலைவாரி விளக்கங்களோடுதான் திருத்துகிறது. பெரும் கட்டணம் கட்டுபவரின் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்த முறை அரசுப் பள்ளிக்கு எட்டாத ஒன்றல்ல. நூலும் குண்டும் நிறுத்துக்கடிகாரமும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன.

நேரம்தான் உண்மையான தடை. ஒரே நாளில் பல குழுக்களைப் பார்க்கும் புறத்தேர்வாளரால் நான்கு பக்க அறிக்கையைப் படிக்க முடியாது. ஒரு பக்க அறிக்கை போதும். அதில் பேனாவால் எழுதிய அசல் பதிவுகள் இருக்கட்டும், தவறிய எண்ணின் மேல் ஒற்றைக்கோடு மட்டும் இருக்கட்டும். ஓசூர், பர்கூர் சிப்காட் ஆலைகளின் தரச்சோதனைப் பிரிவுக்கு நாளை போகப்போகிறவர்கள் இவர்களில் பலர். மைக்ரோமீட்டர் காட்டியதை விட்டு வரைபடத்தில் கேட்ட அளவை எழுதினால், கழிவாக வேண்டிய உதிரிபாகம் வண்டியில் ஏறிவிடும். முழு மாற்றம் வரும்வரை முதல் படியாக, அடுத்த செய்முறைத் தேர்வு அறிவுரைகளை வெளியிடும் முன், சரியான மதிப்புக்கான அந்த அரை மதிப்பெண்ணைத் தேர்வுத்துறை நீக்கட்டும். அதைப் பிழையின் அளவை எழுதியவருக்குக் கொடுக்கட்டும்.