"சிறிது நேரம்" என்பது எத்தனை மணித்தியாலம்?

"தவிர்க்க முடியாத காரணத்தினால் சிறிது நேரத்துக்கு நீர் விநியோகம் தடைப்படும். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

வெள்ளவத்தை விடுதிகளில் தங்கிப் பழகிய எவருக்கும் இந்த வாசகம் புதிதன்று. வரவேற்பு மேசையில் ஒட்டப்பட்டு, ஓரம் சுருண்டு கிடக்கும். அதில் திகதி இல்லை, தொடங்கும் நேரம் இல்லை, முடியும் நேரம் இல்லை. வருத்தம் மட்டும் தாராளமாக இருக்கிறது. இதை அறிவித்தல் என்று ஏற்க நான் ஆயத்தமாக இல்லை.

நேரம் எங்களுக்கே தெரியாது என்பார்கள். திட்டமிட்ட நீர்வெட்டைப் பொறுத்தவரை அது உண்மையன்று. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை முன்கூட்டியே அறிவிக்கிறது. சனி இரவு 8 மணி முதல் ஞாயிறு நண்பகல் 12 மணி வரை என்ற பாணியிலான செய்திகளை எத்தனை முறை பக்கத்தில் வைத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்தப் பத்திரிகை அதே வரவேற்பு மேசையில்தான் கிடக்கிறது. மணி தெரிந்தும் "சிறிது நேரம்" என்று எழுதுவது அறியாமையல்ல, வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற அச்சம்.

அந்த அச்சம் எவ்வளவு மடமையானது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பத்து அறைகள், இருபது விருந்தினர், மொட்டைமாடியில் 2,000 லீற்றர் தாங்கி என்று வைத்துக்கொள்வோம். பதினாறு மணித்தியால வெட்டு. ஆளுக்கு 100 லீற்றர் வருகிறது. இரண்டு வாளியில் குளிக்க 40 லீற்றர், மலசலகூடத்தை நான்கு முறை கழுவ ஏறத்தாழ 36 லீற்றர், மிச்சம் முகம் கைகால் கழுவ. ஆக, தண்ணீர் போதும்! ஆனால் விடயம் தெரியாத ஒருவர் ஷவரைத் திறந்துவிட்டுப் பதினைந்து நிமிடம் நின்றால், அவர் ஒருவரே 120 லீற்றரை முடித்துவிடுவார். இரவே பதினாறு, பதினேழு பேர் அவ்வாறு குளித்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்புகிறவருக்குக் குழாயில் காற்றுத்தான் வரும். அந்த மனிதர் யாழ்ப்பாணத்திலிருந்து தாயாரைச் சத்திரசிகிச்சைக்குக் கூட்டி வந்தவராக இருக்கலாம். தாங்கியை வெறுமையாக்கியது நீர்வெட்டு அல்ல, மேசையிலிருந்த அந்தக் காகிதம்.

நண்பகல் 12 மணி என்று எழுதுவதும் முழு உண்மையாகாது. சபை வால்வைத் திறக்கும் நேரம் அது. வெறுமையான பிரதான குழாய்கள் நிரம்பவேண்டும். மேட்டுப் பகுதிக்கும் குழாயின் கடைக்கோடிக்கும் கடைசியாகத்தான் வரும். பின்னர் கீழ்த்தாங்கி நிரம்பி, மோட்டர் மேலே ஏற்றவேண்டும். நிமிடத்துக்குப் பத்து லீற்றர் வந்தால் 2,000 லீற்றர் நிரம்ப மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாகும். முதலில் வருவது கலங்கலாகவும் இருக்கும். இவ்வளவும் அறிந்த விடுதிக்காரர், "சபை 12 மணிக்குத் திறக்கும், அறைக்குழாயில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னரே எதிர்பாருங்கள்" என்று எழுதவேண்டும்.

மின்சாரம் வேறு கதை. 2022இல் பிரிவு எழுத்துகளுடன் நேர அட்டவணை வெளியானது. மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியாலம் வெட்டப்பட்டபோதுகூட அது முன்கூட்டியே சொல்லப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டபோது எவராலும் நேரம் சொல்ல முடியவில்லை. (குரங்குக்கு நேர அட்டவணை கிடையாது.) அப்படியான வேளையில் நேர்மையான வாசகம், "எப்போது வரும் என்று தெரியாது, அடுத்த தகவலை 2 மணிக்கு இதே பலகையில் எழுதுவோம்" என்பதே. எழுதியபடி 2 மணிக்கு எழுதவும் வேண்டும், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"மின்பிறப்பாக்கி உண்டு" என்ற ஒற்றை வரியும் ஏமாற்றுத்தான். பல இடங்களில் அது மாடிப்படி விளக்குக்கும் வரவேற்பறைக்கும் மட்டுமே ஓடுகிறது. அறையில் மின்விசிறி சுழலுமா, நீர் ஏற்றும் மோட்டர் இயங்குமா, லிஃப்ட் நிற்குமா என்று சொல்லவேண்டும். இன்சுலின் வைத்திருப்பவர் எந்தக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம் என்பது அவருக்கு ஒரு வசதிப் பிரச்சினையல்ல.

அப்படியானால் நான் கேட்பது என்ன? அந்தச் சனிக்கிழமை காலையிலேயே, அறைக் கதவின் உட்புறத்தில் இவ்வளவுதான்:

"இன்றிரவு 8 மணி முதல் நாளை நண்பகல் 12 மணி வரை நீர்வெட்டு. அறைக்குழாயில் 2 மணிக்குப் பின்னரே வழமைக்குத் திரும்பும். தாங்கி நீர் ஆளுக்கு 100 லீற்றர் அளவே உள்ளது. ஷவர் தவிர்த்து வாளியைப் பயன்படுத்துக. ஒவ்வோர் அறைக்கும் நிரப்பிய இரண்டு வாளியும் ஐந்து லீற்றர் குடிநீரும் மாலை 7 மணிக்குள் வைக்கப்படும். இது ஒத்துவராதவர்கள் மாலை 5 மணிக்குள் சொன்னால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்."

இதைப் படித்து இரண்டு பேர் போகக்கூடும். போகட்டும், அவர்கள் விட்டுச் செல்லும் 200 லீற்றர் மற்றவர்களுக்கு ஆகும். இதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழை மட்டும் யாராவது படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு ஒட்டுங்கள்.