ஒரு பங்கை விற்பதற்கு முன் உடன்பிறந்தவர்களைக் கேட்க வேண்டுமா?

அப்பா பெயரில் இருந்த ஃப்ளாட். அப்பா போய்விட்டார், உயில் இல்லை. பிள்ளைகளில் ஒருவர் தன் பங்கை வெளியாள் ஒருவருக்கு விற்கப் போகிறார். மற்றவர்கள் தடுக்க முடியுமா? இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி என் காதில் விழுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் தலைமுறை கடன் வாங்கிக் கட்டிய ஃப்ளாட்டுகளெல்லாம் இப்போதுதான் பிள்ளைகள் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. நிலமாக இருந்தால் அளந்து கல் நட்டுப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டை மூன்றாக எப்படிப் பிரிப்பது? சமையலறை யாருக்கு?

போன வருடம் என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். சென்னையில் அப்பாவின் ஃப்ளாட்டில் குடியிருக்கிறாள். அம்மா முன்பே காலமாகிவிட்டார். அண்ணன், இவள், தம்பி என்று மூன்று பேர், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. தம்பிக்குத் தொழிலில் கடன். தன் பங்குக்கு ஒருவர் 24 லட்சம் தருகிறார் என்று வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பியிருக்கிறான். "சார், அவன் வித்துட்டா முன்னே பின்னே தெரியாத ஆள் வந்து எங்க வீட்டு ஹால்ல உட்காருவாரா?" என்றாள்.

நான் வக்கீல் இல்லை, சமூக அறிவியல் வாத்தியார். ஆனால் சட்டப் புத்தகம் படிக்கத் தெரியும். படித்ததையும், வக்கீல் நண்பர் ஒருவரிடம் சரிபார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. அதில் 22ஆம் பிரிவு சின்னப் பிரிவுதான். உயில் எழுதாமல் இறந்தவரின் அசையாச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகள் இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ வந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் தன் பங்கைக் கைமாற்ற நினைக்கிறார். அப்போது அதை வாங்கிக்கொள்ள மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. மகன், மகள், மனைவி, தாய் எல்லாரும் முதல் வகுப்பில் வருகிறவர்கள். விலையில் ஒத்துப்போகவில்லை என்றால், மனுப் போட்டால் நீதிமன்றம் விலையை நிர்ணயிக்கும். நிர்ணயித்த விலைக்கு வாங்க மாட்டேன் என்று மனுப் போட்டவர் பின்வாங்கினால், வழக்குச் செலவு முழுவதும் அவர் தலையில். வாங்க இரண்டு வாரிசுகள் போட்டி போட்டால் அதிக விலை கொடுப்பவருக்கே முன்னுரிமை. பிரிவு அவ்வளவுதான்.

இதைப் படித்தவுடன் அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். "அப்ப அவன் விக்கவே முடியாது, இல்லையா சார்?" என்று கேட்டாள். இல்லையம்மா, விற்கலாம். உனக்கு முதலில் விற்க வேண்டும், அதுவும் நியாயமான விலைக்கு. உனக்கு வாங்க வழியில்லை என்றால் வெளியாளுக்கு விற்க அவனுக்கு முழு உரிமை உண்டு. நம் குடும்பங்களில் முன்னுரிமை என்பதைத் தடையாணை என்று நினைத்துக்கொள்கிறோம். "குடும்பச் சொத்து, வெளியே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வாங்கவும் மாட்டார்கள், வாங்கினாலும் பாதி விலை கேட்பார்கள். தம்பிகள் ரகசியமாக விற்கப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

மீதிப் பாதி சட்டத்தின் குறை. விற்க நினைக்கிறவர் மற்றவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 22ஆம் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் கிடையாது. முன்னுரிமை இருக்கிறது, ஆனால் விற்பனை நடக்கப் போவதே தெரியாது என்றால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது? பிரான்ஸ் நாட்டு உரிமையியல் சட்டத்தைப் பாருங்கள். அங்கே கூட்டுச் சொத்தில் தன் பங்கை வெளியாளுக்கு விற்கிறவர், விலை, நிபந்தனைகள், வாங்குபவரின் பெயர், முகவரி, தொழில் எல்லாவற்றையும் மற்றப் பங்குதாரர்களுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் யாராவது "அதே விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். சொன்னவர் இரண்டு மாதத்துக்குள் பத்திரத்தை முடிக்க வேண்டும். விற்கிறவனும் வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம், உடன் பங்காளியும் ஏமாற வேண்டாம். நம் சட்டத்தில் இப்படி இரண்டு வரி சேர்த்தால் எத்தனையோ வழக்குகள் பிறக்கவே பிறக்காது.

சேர்க்காததால் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் உதாரணம். இமாசலப் பிரதேசத்தில் அண்ணன் தம்பி இருவருக்கு வந்த விவசாய நிலத்தில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றார். மற்றவர் 22ஆம் பிரிவைக் காட்டி வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் தீர்ப்பு வந்தது. இந்தப் பிரிவு விவசாய நிலத்துக்கும் பொருந்தும், சகோதரருக்கே முன்னுரிமை என்றார்கள். வழக்கின் பெயர் பாபு ராம் எதிர் சந்தோக் சிங். தீர்ப்பின் முதல் பக்கத்தில் சந்தோக் சிங் என்ற பெயருக்குப் பின்னால் "இறந்துவிட்டார், வாரிசுகள் மூலம்" என்று இருக்கிறது. வழக்குப் போட்டவர் இல்லை.

சரி, நம் பெண்ணின் கதைக்கு வருகிறேன். வெளியாள் வாங்கிவிட்டால் ஹாலில் வந்து உட்கார முடியுமா? முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 1882, 44ஆம் பிரிவின்படி, பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாளுக்கு அந்த வீட்டில் கூடக் குடியிருக்க உரிமை இல்லை. இந்துக் கூட்டுக் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, அந்த வீட்டைப் பொறுத்தவரை பிரியாமல் இருந்தால் போதும். அவர் செய்யக்கூடியது பாகப்பிரிவினை வழக்குப் போடுவது. அப்படி அவர் வழக்குப் போட்டால், 1893ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவு குடும்பத்தாருக்குக் கை கொடுக்கும். "அவர் பங்கை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்று குடும்பத்தில் ஒரு பங்குதாரர் உறுதி சொன்னால், நீதிமன்றம் மதிப்புப் போட்டு அவருக்கே விற்கச் சொல்லும். ஆனால் வழக்குப் போட்டால்தான் இது. அந்த ஆள் வழக்கே போடாமல் அண்ணனையும் சரிக்கட்டி அவர் பங்கையும் வாங்கிவிட்டால் மூன்றில் இரண்டு அவர் கையில். பாதிக்கு மேல் வைத்திருப்பவர், பிரிக்க முடியாத வீட்டை விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்கலாம். அப்போதும் அவர் பங்கை மதிப்புக்கு வாங்க அனுமதி கேட்க இவளுக்கு வழி உண்டு, ஆனால் கொடுக்க வேண்டிய தொகை இரண்டு மடங்கு.

அதனால்தான் தம்பி பங்கிலேயே முடித்துவிடு என்றேன். முதல் வேலை, வாட்ஸப்பில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் ஒரு கடிதம். "உன் பங்கை 22ஆம் பிரிவின்படி வாங்க நான் தயார், உன் விலையை எழுத்தில் சொல்" என்று நாலு வரி. வாங்க வருகிறவர் யார் என்று தெரிந்தால் அவருக்கும் ஒரு நகல். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று அவர் பிறகு சொல்ல முடியாது. இதில் ஒரு வேடிக்கை, ஒழுங்கான ஆளாக இருந்தால் நகல் கிடைத்தவுடனே பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

இரண்டாவது விலை. இங்கேதான் அவளோடு எனக்குக் கருத்து வேறுபாடு. முழு ஃப்ளாட் 90 லட்சம் போகும் என்று இரண்டு தரகர்கள் சொன்னார்கள். மூன்றில் ஒன்று 30. வெளியாள் 24 சொல்வது ஏன்? குடியேற முடியாத, வழக்குப் போட்டு வாங்க வேண்டிய பங்குக்கு அவர் போடும் கழிவு அந்த 6 லட்சம். "அவர் 24 தானே தர்றார், நானும் 24 தந்தா போதாதா?" என்றாள். அந்தக் கழிவுக்குக் காரணமான தொல்லை உனக்கு இல்லையே அம்மா, நீ உள்ளேதான் இருக்கிறாய், சாவியும் உன்னிடம். வாடகையில்லாமல் ஐந்து வருடம் இருந்திருக்கிறாய். அதே சமயம் பராமரிப்புக் கட்டணமும் சொத்து வரியும் நீயே கட்டியிருக்கிறாய், அப்பாவின் கடைசி ஆஸ்பத்திரிச் செலவும் உன்னுடையது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதினோம். 28 என்று நின்றது. தம்பிக்கு வெளியாள் தருவதைவிட 4 லட்சம் அதிகம்.

பத்திரச் செலவிலும் வித்தியாசம் உண்டு. வெளியாளுக்குக் கிரயப் பத்திரம் என்றால் முத்திரைத்தாள் 7, பதிவு 2 என்று நூற்றுக்கு 9, அதுவும் வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. பத்திரம் எழுதுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரகசியமாக விற்கப் போகிறார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூலப் பத்திரத்தின் நகலைத் திடீரென்று கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்குப் புதிதாக ஒரு நகல் வேண்டும் என்பார்கள். அசோசியேஷன் செயலாளரிடம் யாரோ வந்து பாக்கி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவார். சந்தேகம் வந்தால் மாதம் ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம். பத்திரம் பதிவாகிவிட்டது என்று தெரிந்தால் தாமதிக்காதீர்கள். முன்வாங்கும் உரிமைக்கான வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் தருவது ஒரு வருடம்தான். பத்திரத்தில் விலையை ஏற்றிப் போட்டு உடன்பிறந்தவர்களைப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், விலை நிர்ணயம் நீதிமன்றத்தின் வேலை.

எல்லாருக்கும் இது பொருந்தாது. அப்பா உயில் எழுதியிருந்தால் 22ஆம் பிரிவு இல்லை. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டமே இல்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து சம்பளத்தில் வாங்கிய ஃப்ளாட்டுக்கும் இல்லை, அது வாரிசாக வந்ததல்லவே. அப்படிச் சேர்ந்து வாங்குகிறவர்கள் வாங்குகிற அன்றே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: விற்பதானால் முதலில் மற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மதிப்பீட்டாளர் சொல்லும் விலை, பதிலுக்கு 30 நாள், பணம் கட்ட 60 நாள், தவறினால் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

அந்தப் பெண் 28 லட்சத்தை நகை வைத்தும், வீட்டுக்காரரின் பி.எஃப். பணத்திலிருந்தும் மூன்று தவணையில் கொடுத்தாள். தம்பி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். அண்ணன் இப்போது தன் பங்குக்கும் அதே விலை கேட்கிறாராம். கேட்கட்டும், எழுத்தில்தானே கேட்டிருக்கிறார்.