பார்க்கலாம், தொடக்கூடாது

கடந்த ஆண்டு மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மாலை, எங்கள் களப்பணியாளர் ஒருவர் போன் செய்து, "என்னை நீக்கிட்டீங்களா அக்கா?" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினையில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பை அவர் இணையத்தில் இருக்கும் அட்டவணையில் பதிவு செய்துவந்தார். அன்று அட்டவணை திறந்தது, பெயர்கள் தெரிந்தன, ஆனால் ஒரு எழுத்துகூட உள்ளே போகவில்லை. அவருக்குத் தோன்றிய முதல் எண்ணம், யாரோ தன் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்பதுதான். ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம் என்று எங்கு போனாலும் கதவு தனக்காகவே சாத்தப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர் வேறு எப்படி நினைப்பார்?

யாரும் நீக்கவில்லை. மேகச் சேமிப்புக்கு நாங்கள் கட்டிவந்த ஆண்டுச் சந்தா தீர்ந்துபோயிருந்தது. கணக்கு இலவச அளவுக்கு இறங்கிவிட்டது. எங்களிடம் இருந்ததோ 63 ஜிபி. இலவச அளவைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் மொத்தக் கணக்கும் 'படிக்க மட்டும்' என்ற நிலைக்குப் போய்விட்டது. இருப்பதைத் திறக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அழிக்கலாம். புதிதாகச் சேர்க்க முடியாது, திருத்த முடியாது. விஷயம் தெரிந்ததும் இன்னொரு தோழர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பார்க்கலாம், தொடக்கூடாது. நமக்குத் தெரியாத சட்டமா இது?" தீண்டாமையை இதோடு ஒப்பிடுவது சரியல்ல என்று நாங்களே அவரைக் கடிந்துகொண்டோம். ஆனாலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது, தலைப்பாகவும் ஆகிவிட்டது.

அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைத் திட்டிவிட்டு இன்னொன்றுக்கு மாறினால் தீர்ந்துவிடும் சிக்கல் அல்ல இது. கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, அதிலும் மின்னஞ்சல், படங்கள், கோப்புகள் எல்லாம் சேர்த்துத்தான். மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் 5 ஜிபி தருகின்றன. ஒரு செல்போனில் எடுத்த நல்ல தரமான வீடியோ பத்து நிமிடம் ஓடினாலே ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். ஒரு வன்கொடுமை வழக்கின் உண்மையறியும் பயணத்துக்கு இந்த இலவசம் இரண்டு நாள்கூடத் தாங்காது. அளவைத் தாண்டி அப்படியே கிடந்தால் மைக்ரோசாஃப்ட் ஆறு மாதத்துக்குப் பிறகும், கூகுள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் கோப்புகளையே அழிக்கக்கூடும் என்று அவர்களின் விதிகளிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து கூடியவரை இரண்டு மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது. எங்கள் கோப்பில் இருக்கும் வழக்குகளில் இரண்டு மாதத்தில் முடிந்தது ஒன்றுகூட இல்லை. நான்கு ஆண்டு, ஆறு ஆண்டு என்று இழுத்துக்கொண்டு போகின்றன. நீதிமன்றம் வாய்தா கொடுக்கும் வேகத்தில் ஓடுகிறது, சந்தாவோ ஆண்டுக்கு ஒருமுறை மிகச் சரியாகத் தீர்ந்துவிடுகிறது. இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் சிக்கிக்கொள்வது பாதிக்கப்பட்டவரின் சாட்சியம்.

சந்தா எப்படித் தீர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கு எங்கள் அமைப்பின் பெயரில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்களோடு இருந்த ஒரு தோழர் தன் சொந்த மின்னஞ்சலில், தன் டெபிட் கார்டைக் கொடுத்துத் தொடங்கியது அது. ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் தானாகப் பிடித்தம் ஆகும். அந்தக் கார்டு காலாவதியாகி வங்கி புதிய எண்ணோடு வேறு கார்டு அனுப்பியது. பழைய கார்டுக்குக் கொடுத்த தானியங்கிப் பிடித்த அனுமதி புதிய கார்டுக்குத் தானாக வந்து சேரவில்லை. பணம் போகவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வராமல் இல்லை, ஏழெட்டு வந்திருந்தன. அவையும் அதே கணக்குக்குத்தான் வந்தன. அந்த அஞ்சல் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அந்தத் தோழர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் ஒன்றரை ஆண்டாகிவிட்டது. ஒரு வட்டாரத்தின் பதினொரு ஊர்களின் ஆவணங்கள், ஒரு மனிதரின் பர்ஸில் இருந்த பிளாஸ்டிக் அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தன.

அட்டவணை திறக்காததைக்கூட மன்னித்துவிடலாம். எங்களால் இன்னும் ஆற முடியாதது அந்த வீடியோ. அதே வாரம் திங்கட்கிழமை, சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் முள்வேலி போட்டிருந்தார்கள். பாடையோடு நின்ற சனங்களையும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "வாய்க்கால் வழியாப் போங்கடா" என்று சொன்னவரையும் ஒரு பெண் படம் பிடித்தார். நான்கு நிமிடம். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் சுடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும், பொதுவழியைத் தடுப்பதும் தனிக் குற்றம், பிரிவு 3(1)(za). அதற்கு அந்த நான்கு நிமிடத்தைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

எங்கள் அமைப்பின் போனில்தான் எடுத்தார். அந்தக் கணக்குதான் அதில் இருந்தது. பதிவேற்றும்படி அழுத்தினார், வரிசையில் கோப்பின் பெயர் வந்தது, ஏறிவிட்டது என்று நம்பினார். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'காத்திருக்கிறது' என்று ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. சிக்னல் கிடைத்ததும் ஏறிவிடும் என்றே யாரும் நினைப்போம். கணக்கு பூட்டிக் கிடக்கும்போது சிக்னல் எவ்வளவு வந்தாலும் அது ஏறாது. புதன்கிழமை போனில் இடம் இல்லை என்று வர, அடுத்த பேட்டிக்காகப் பழைய வீடியோக்களை அழித்தார். அதற்குள் தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடந்து, இரவோடு இரவாக வேலியும் பிடுங்கப்பட்டிருந்தது. இப்போது எதிர்த்தரப்பு கேட்கிறது: வேலி எங்கே இருந்தது?

அந்தப் பெண்ணின் தவறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 32 ஜிபி போனைக் கொடுத்து ஒரு வட்டாரத்தையே படம் பிடிக்கச் சொன்னவர்கள் நாங்கள். நிதி தரும் நிறுவனங்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பயிற்சிக்குக் காசு உண்டு, ஃபிளெக்ஸ் பேனருக்குக் காசு உண்டு, கருத்தரங்கின் மதியச் சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனித் தலைப்பே உண்டு. திட்டம் முடிந்த நான்காவது ஆண்டில் ஆவணத்தைக் காப்பாற்ற ஆயிரம் ரூபாய் கேட்டால், அதற்குத் தலைப்பு இல்லை என்கிறார்கள். 'ஆவணப்படுத்தல்' என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். அந்த ஆவணம் அடுத்த ஆண்டு எங்கே இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"இறக்கிக்கொள்ளலாமே, தடை இல்லையே" என்று ஒரு நண்பர் சொன்னார். நகரத்தில் வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர் அவர். எங்கள் அலுவலகம் இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஓர் ஓட்டு வீடு. நாளைக்கு 1.5 ஜிபி ரீசார்ஜில் ஓடுகிறது. 63 ஜிபியை அதில் இறக்க 42 நாள் ஆகும், அந்த 42 நாளும் வேறு எதற்கும் இணையம் கிடையாது. பக்கத்து டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் தன் இணைப்பைத் தந்தார். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. இரண்டு இரவு அங்கே உட்கார்ந்து இறக்கினோம்.

அந்த இரண்டு இரவில் கற்றுக்கொண்டதைத் தோழர்களுக்குச் சொல்லத்தான் இந்தப் பதிவு. பூட்டு விழுந்ததும் கை முதலில் போவது அழிப்பதற்கு, இடம் காலியானால் திறந்துவிடும் அல்லவா. அதைச் செய்யாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் வெளியே உள்ள ஹார்டு டிஸ்கில் இறக்குங்கள், கோப்புகளின் எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள், பெரிய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு மூன்று கோப்புகள் பாதியில் அறுந்திருந்தன. கணினியில் கோப்புறை தெரிகிறதே, அதை நகல் எடுத்தால் போதும் என்றும் நம்ப வேண்டாம். பக்கத்தில் மேகச் சின்னம் இருந்தால் அங்கே இருப்பது பெயர் மட்டும்தான், கோப்பு அவர்களிடம் இருக்கிறது. ஒத்திசைக்கும் கோப்புறையில் ஒன்றை அழித்தால் மேலேயும் அழியும். பல சேவைகளில் குப்பைத் தொட்டியில் கிடப்பதும் கணக்கில் சேரும், அதைக் காலி செய்தால்தான் அளவு குறையும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்திருக்கிறோம் என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. வழக்கமாக அனுப்பினால் அது வீடியோவைச் சுருக்கிவிடுகிறது, போனில் இருந்த மூலக் கோப்பு அல்ல அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு துளி மாறினாலும் எண் மாறிவிடும். விண்டோஸ் கணினியில் அதைப் பார்க்கத் தனி மென்பொருள் வேண்டாம்:

```
certutil -hashfile video.mp4 SHA256
```

வருகிற எண்ணை ஒரு நோட்டில், தேதி, ஊர், எடுத்தவர் பெயரோடு அன்றே எழுதிவைக்கிறோம். சான்றிதழின் இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்து வேண்டும், அது வழக்கறிஞர் பார்க்கும் வேலை. ஆனால் கோப்பு மாறவில்லை என்று காட்ட நம்மிடம் முதல் நாள் எண் இருந்தாக வேண்டும்.

இப்போது எங்களிடம் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு இருக்கின்றன. ஒன்று அலுவலகத்தில், ஒன்று வேறு ஊரில் ஒரு தோழியின் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டிலும் நகல் எடுக்கிறோம். மேகக் கணக்கு அமைப்பின் பெயருக்கு மாறிவிட்டது, மீட்பு எண்ணாக இரண்டு பெண்களின் எண்கள் உள்ளன, சந்தா தீரும் தேதி சுவரில் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கிறது. போனில் இருக்கும் வீடியோவை, வேறொரு கருவியில் அதைத் திறந்து பார்க்காமல் யாரும் அழிப்பதில்லை.

வேலிக்கு முன்னால் நின்றவர்களில் ஒன்பது பேரிடம் வாக்குமூலம் எடுத்து மனுவோடு கொடுத்திருக்கிறோம். முதல் தகவல் அறிக்கை இன்னும் பதிவாகவில்லை. பாடையைத் தூக்கியவர்களில் ஒருவர் சொன்னார், தன் போனிலும் கொஞ்சம் எடுத்ததாக. அந்தப் போனின் திரை உடைந்து அவர் மச்சான் வீட்டில் கிடக்கிறதாம். இந்த ஞாயிறு அங்கே போகிறோம்.